பதினாறுக்குப் பிறகு முப்பத்தொன்று

எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றைத் தாளில் கவிழ்த்து, சுற்றிலும் பென்சிலை ஓட்டினால் நல்ல வட்டம் கிடைக்கும். அதன் விளிம்பில் ஒரே ஒரு புள்ளி வைத்தால் அதை இணைக்க இன்னொரு புள்ளி இல்லை. வட்டம் ஒரே துண்டாகவே இருக்கிறது. இரண்டு புள்ளிகள் வைத்துக் கோடு போட்டால் வட்டம் இரண்டாகிறது. மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் நடுவில் ஒரு முக்கோணமும், அதன் மூன்று பக்கங்களிலும் பிறை மாதிரி மூன்று சில்லுகளும் விழும்; ஆக நான்கு துண்டு. நான்கு புள்ளிகளுக்கு எட்டு. ஐந்து புள்ளிகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் உருவாகிறது. பொறுமையாக எண்ணினால் பதினாறு துண்டு.

1, 2, 4, 8, 16. ஆறாவது புள்ளியை வைப்பதற்குள்ளாகவே வாய் 32 என்று சொல்லிவிடுகிறது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றும். ஆனால் வரைந்து, துண்டுக்கு ஒரு புள்ளியாக வைத்து எண்ணினால் 31தான் வருகிறது. ஏதோ ஒரு சின்னத் துண்டைத் தவறவிட்டோம் என்று மறுபடி எண்ணினாலும் 31தான். புள்ளிகளைச் சம இடைவெளியில் அழகாக வைத்தவருக்கோ இன்னும் மோசம்: அவருக்கு 30தான் கிடைக்கும்.

கணித உலகில் இதைக் கனடாவைச் சேர்ந்த லியோ மோசரின் பெயரால் மோசர் வட்டப் புதிர் என்று அழைப்பதுண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒவ்வொருவரும் 'அடுத்த எண் என்ன?' என்ற கேள்வியை நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்விகளின் அடியில் இருக்கிற பள்ளத்தை இந்த ஒரு வட்டம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முதலில் அந்த 31 எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். வட்டத்துக்குள் ஒரு புதுக் கோடு போடும்போது, அது எந்தக் கோட்டையும் வெட்டாமல் போனால் ஒரு துண்டு கூடுகிறது. வழியில் ஏற்கெனவே இருக்கிற கோட்டை வெட்டினால், ஒவ்வொரு வெட்டுக்கும் இன்னொரு துண்டு கூடுகிறது. ஆகவே மொத்தத் துண்டுகள் என்பது, ஆரம்பத்தில் இருந்த ஒரு முழு வட்டம், அதோடு கோடுகளின் எண்ணிக்கை, அதோடு வெட்டுமிடங்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

ஆறு புள்ளிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 கோடுகள். வெட்டுமிடங்களை எண்ண ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ள வேண்டுமானால் அவற்றுக்கு நான்கு முனைகள் வேண்டும். விளிம்பில் எந்த நான்கு புள்ளிகளை எடுத்தாலும் அவை ஒரு நாற்கரம். அதன் இரண்டு மூலைவிட்டங்கள் உள்ளே ஒரே ஓர் இடத்தில் வெட்டும். எனவே நான்கு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழியோ அத்தனை வெட்டுமிடம். ஆறில் நான்கை எடுப்பதும் ஆறில் இரண்டை ஒதுக்குவதும் ஒன்றுதான் என்பதால் இதுவும் 15. ஒன்று, பதினைந்து, பதினைந்து, கூட்டினால் 31. ஐந்து புள்ளிகளுக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்று, பத்து, ஐந்து; சரியாக 16.

சம இடைவெளி வைத்தவருக்கு ஏன் 30? ஒழுங்கான அறுகோணத்தில் எதிரெதிர் முனைகளை இணைக்கும் மூன்று நீளக் கோடுகளும் மையத்தில் ஒரே புள்ளியில் போய் விழுகின்றன. கொஞ்சம் நகர்த்தி வரைந்திருந்தால் அந்த மூன்று கோடுகளுக்கு நடுவே ஒரு குட்டி முக்கோணம் பிறந்திருக்கும். அழகாக வரைந்ததால் அது நசுங்கிப்போகிறது. படம் நேர்த்தியாக இருந்ததற்கு அபராதம் ஒரு துண்டு!

இங்கே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். கடைசியில் இரட்டிப்பு இல்லையென்றால், முதல் ஐந்து தடவையும் ஏன் அச்சாக இரட்டித்துக்கொண்டே போனது? வெறும் தற்செயலா? தற்செயல் இல்லை. காரணம் பதினோராம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றத்தோடு வருகிற பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. மேலே இருக்கிற இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் அந்த முக்கோணத்தின் ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாக வரும். ஆறாவது வரிசை இது:

```
1  5  10  10  5  1
```

நம் வட்டத்தின் 15 கோடுகள் இந்த வரிசையின் 5-ம் 10-ம் சேர்ந்தது. 15 வெட்டுமிடங்கள் அடுத்த 10-ம் 5-ம் சேர்ந்தது. முன்னால் இருக்கிற 1 என்பது ஆரம்பத்து முழு வட்டம். கடைசியில் ஒரு 1 மிஞ்சி நிற்கிறது பாருங்கள், அதை எடுத்துக்கொள்ள வட்டத்தில் ஆள் இல்லை. 32-க்கும் 31-க்கும் இடையில் காணாமல் போன துண்டு அதுதான். வட்டம் எப்போதும் வரிசையின் முதல் ஐந்து எண்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது வரிசை வரைக்கும் வரிசையிலேயே ஐந்துக்கு மேல் எண் கிடையாது என்பதால் எல்லாமே கணக்கில் வந்துவிட்டது. இரட்டிப்பு போலத் தெரிந்தது. ஆறாவதிலிருந்து வால் நறுக்கப்படுகிறது. ஏழு புள்ளிகளுக்கு 64 இல்லை, 57. எட்டுக்கு 99. ஒன்பதுக்கு 163.

பத்துப் புள்ளிகளில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. பத்தாவது வரிசையில் பத்து எண்கள் இருக்கும், இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். முதல் ஐந்து என்பது சரிபாதி. 512-ல் பாதி 256. அதாவது நடுவில் நான்கு இடங்களில் தொலைந்துபோன இரண்டின் அடுக்கு பத்தாவது இடத்தில் திடீரென்று மறுபடி தலைகாட்டுகிறது. ஐந்து வரைக்கும் எண்ணியவர், அங்கிருந்து நேரே பத்துக்குத் தாவிச் சோதித்திருந்தால், 'ஆகா, மறுபடி இரண்டின் அடுக்குதான்' என்று இன்னொரு தப்பான விதியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்போது வட்டத்தை மறைத்துவிட்டு, வினாத்தாளில் வருவது போல எண்களை மட்டும் பார்க்கலாம். 1, 2, 4, 8, 16, அடுத்து என்ன? தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுப் பகுதியைச் சேர்ந்தவை; எண் தொடர் அந்தப் பகுதிக்குரிய தலைப்புகளில் ஒன்று. பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித்தருவது 'வித்தியாசம் எடு' என்பதுதான். பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துக் கீழே எழுது. ஒழுங்கு தெரியவில்லையா, அந்த வரிசைக்கும் வித்தியாசம் எடு. மாறாத எண் வரும் வரை இறங்கு. நல்ல முறை. இதை நம் தொடருக்கே போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?

```
1   2   4   8   16
  1   2   4   8
    1   2   4
      1   2
        1
```

கடைசி வரிசையில் ஒரே ஒரு 1 நிற்கிறது. அது மாறாத எண் என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு 1 எழுதிக் கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டு ஏறினால் 3, 7, 15, கடைசியில் 31! வட்டமே தெரியாத மாணவர், வகுப்பில் கற்ற முறையை அப்படியே பின்பற்றி, வட்டத்தின் விடையில் வந்து நிற்கிறார். அவருக்கு மதிப்பெண் கிடைக்காது. விடைக்குறிப்பில் 32 என்றுதான் இருக்கும்.

இதைவிடச் சங்கடமான விஷயம் அடுத்து வருகிறது. அந்தக் கடைசி வரிசையில் 1-க்குப் பக்கத்தில் 1-தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? 2 எழுதினால் மேலே ஏறி வரும்போது 32 கிடைக்கும். 0 எழுதினால் 30, அதாவது ஒழுங்கான அறுகோணத்தின் விடை. 70 எழுதினால் 100. எழுதுகிற எண்ணோடு முப்பதைக் கூட்டினால் அடுத்த எண் வந்துவிடும். ஆகவே 1, 2, 4, 8, 16-க்கு அடுத்ததாக ஒருவர் தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னாலும், அதற்குப் பொருந்துகிற கச்சிதமான ஒரு சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியும். லக்ராஞ்சின் பெயரால் வழங்கும் இடைச்செருகல் முறை இந்த வேலையை எந்தத் தொடருக்கும் செய்யும். கணித ரீதியில் கறாராகப் பார்த்தால், 'அடுத்த எண் என்ன' என்ற கேள்விக்குத் தவறான விடையே கிடையாது.

அப்படியானால் எல்லா விடைகளும் ஒரே தரமா? இல்லை. அங்கேதான் இந்த விஷயத்தின் உண்மையான நுணுக்கம் இருக்கிறது.

ஒரு விதியை நிர்ணயிக்க எத்தனை எண்களைச் செலவழித்தோம், மிச்சம் எத்தனை எண்கள் அந்த விதிக்குச் சாட்சி சொல்கின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 'ஒன்றில் தொடங்கு, இரண்டால் பெருக்கு' என்ற விதிக்கு முதல் இரண்டு எண்கள் போதும். 4, 8, 16 மூன்றும் சொல்லாமலே வந்து பொருந்துகின்றன, மூன்று சாட்சிகள். வித்தியாச முறையில் 31-க்கு வந்தவரோ நான்கு வரிசை இறங்கியிருக்கிறார். கொடுத்த ஐந்து எண்களும் விதியைக் கட்டவே தீர்ந்துபோயின. கடைசி வரிசையில் தனியாக நிற்கிற அந்த ஒற்றை 1 மாறாத எண்ணா இல்லையா என்று சொல்ல ஒரு சாட்சி கூட இல்லை. ஒரே ஓர் எண் தன்னோடு தானே சமம் என்பதில் என்ன செய்தி இருக்கிறது?

இதற்கு எதிராக 2, 5, 10, 17, 26 என்ற தொடரை எடுத்தால் வித்தியாசம் 3, 5, 7, 9. அதற்கு அடுத்த வரிசை 2, 2, 2. மூன்று எண்கள் ஒத்துப்போகின்றன. இங்கே 37 என்று துணிந்து எழுதலாம். தேர்வறையில் வித்தியாசம் எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள அடையாளம் வேறில்லை: மாறாத எண் என்று நம்புகிற வரிசையில் குறைந்தது மூன்று எண்களாவது இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் பெருக்கல், முந்தைய எண்களின் கூட்டல், பகா எண் என்று வேறு வழியைத் தேட வேண்டும்.

சாட்சி சமமாக இருந்தால் மாணவர் என்ன செய்வார்? உதாரணமாக 1, 2, 4, 7 என்ற தொடர். வித்தியாசம் 1, 2, 3 என்று கூடிக்கொண்டு போகிறது என்று ஒருவர் 11 எழுதலாம். முந்தைய மூன்று எண்களின் கூட்டுத்தொகை என்று இன்னொருவர் 13 எழுதலாம். ஒன்றும் இரண்டும் நான்கும் சேர்ந்தால் ஏழு, இரண்டும் நான்கும் ஏழும் சேர்ந்தால் பதின்மூன்று. இரண்டுமே எளிமையான விதி, இரண்டையுமே பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். 3, 5, 7-க்கு அடுத்து ஒற்றைப்படை எண் என்றால் 9, பகா எண் என்றால் 11. இப்படிப்பட்ட கேள்வியில் இரண்டு விடைகளும் நான்கு வாய்ப்புகளுக்குள் உட்கார்ந்துவிட்டால், தப்பு எழுதியவர் மீது இல்லை. ஐந்தாவது எண்ணையும் கொடுத்திருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காது. இல்லையென்றால், தான் நினைத்த விதியை மறந்துவிட்டு, வேறு ஒருவர் கண்ணால் ஒரு முறை தொடரைப் பார்த்து, போட்டி விடையை வாய்ப்புகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். கேள்வி தயாரிப்பவரின் சிரமம் என்னவென்றால், விதியை முதலில் வைத்துக்கொண்டு எண்களை எழுதியவருக்கு அந்த எண்களில் வேறு விதி எதுவும் கண்ணில் படாது. ஐந்து பேரிடம் விடை சொல்லாமல் கொடுத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிற வழக்கம் இருக்கிறதே, அங்கே எண் தொடரை வைத்து வாதாடுகிறவருக்கும் மேலே சொன்ன சாட்சிக் கணக்கு உதவும். 'என் சூத்திரமும் பொருந்துகிறது' என்பது வாதமே ஆகாது. எந்த எண்ணுக்கும் ஒரு சூத்திரம் பொருந்தும். 'என் விதி அவர்கள் விதியைவிடச் சிக்கலானது இல்லை, அதே அளவு எண்கள் அதற்கும் சாட்சி சொல்கின்றன' என்று காட்டினால் அதில் நியாயம் இருக்கிறது.

சின்ன எண்கள் இப்படி ஏன் அடிக்கடி ஏமாற்றுகின்றன என்று யோசித்தவர் ரிச்சர்ட் கை. 1988-ல் அமெரிக்கக் கணித மாத இதழ் ஒன்றில் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை பிரபலம். பார்த்ததும் நம்பத் தோன்றும் ஒழுங்குகளை வரிசையாக அடுக்கி, எது கடைசி வரை நிற்கும், எது கவிழும் என்று வாசகரையே ஊகிக்கச் சொன்னார். நம் வட்டமும் அதில் உண்டு. அவர் சொன்ன காரணம் எளிது: உலகத்தில் விதிகள் ஏராளம், சின்ன எண்களோ கொஞ்சம். பத்து நாற்காலிக்கு நூறு பேர் போட்டி போட்டால், ஒரே நாற்காலியில் பலர் உட்காரத்தான் வேண்டும். சம்பந்தமே இல்லாத இரண்டு விதிகள் முதல் நான்கைந்து எண்களில் கைகோத்துக்கொண்டு நடப்பது அதனால்தான்.

பெரிய தலைகளும் இதில் தப்பவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பியர் டி பெர்மா இரண்டின் சில அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார். அடுக்குகள் நமக்குப் பழக்கமான 1, 2, 4, 8, 16. கிடைத்தவை 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள். இந்த வழியில் வருகிறவை எல்லாமே பகா எண்கள்தான் என்று அவர் நம்பினார், கடிதங்களிலும் எழுதினார். அடுத்த அடுக்கு 32. அங்கே வரும் எண் 4294967297. அதற்கு வகுத்தி தேடுவது கையால் செய்கிற காலத்தில் லேசான காரியமில்லை. 1732-ல் ஆய்லர் அது 641-ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. பெர்மாவுக்குத் தெரிந்த முதல் ஐந்து மட்டும்தான்.

ஒரு தொடர் எத்தனை விதிகளுக்குச் சொந்தம் என்று பார்க்க இன்று வசதியான ஓர் இடம் இருக்கிறது. நீல் ஸ்லோன் 1964-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தான் சந்தித்த எண் தொடர்களைத் தனித்தனி அட்டைகளில் சேகரிக்க ஆரம்பித்தார். 1973-ல் அது புத்தகமானது. 1996-ல் இணையத்துக்கு வந்தது. இப்போது oeis.org என்ற முகவரியில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதன் விதி, அது எங்கெங்கே தலைகாட்டுகிறது என்ற குறிப்பு. 1, 2, 4, 8, 16 என்று தட்டினால் பக்கம் பக்கமாகப் பதில் வருகிறது. இரட்டிப்புத் தொடர் A000079. வட்டத் துண்டுகள் A000127. முந்தைய ஐந்து எண்களைக் கூட்டிக்கொண்டு போகும் தொடரும் இருக்கிறது. அதிலும் பதினாறுக்கு அடுத்தது 31தான், ஆனால் அதற்கும் அடுத்தது 57 இல்லை, 61. ஒரே 31-க்கு இரண்டு வழிகள். அடுத்த அடியிலேயே பிரிந்துவிடுகின்றன.

சம இடைவெளியில் புள்ளி வைத்தவரின் 30-க்கும் அங்கே தனி இடம் உண்டு: A006533. அது 1, 2, 4, 8, 16, 30, 57 என்று போகிறது. ஏழில் மறுபடி 57 ஆகிவிட்டதைக் கவனிக்கலாம். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பலகோணத்தில் மூன்று கோடுகள் உள்ளே ஒரே புள்ளியில் சந்திப்பதே இல்லை, அதனால் எந்தத் துண்டும் நசுங்குவதில்லை; அழகாக வரைந்தவரும் தாறுமாறாக வரைந்தவரும் ஏழு புள்ளிகளில் ஒரே விடைக்கு வந்து சேர்கிறார்கள். எட்டில் ஒருவருக்கு 99, மற்றவருக்கு 88.